மூன்றாவது வாரத்தைப் பற்றி முதல் நாளே சொல்லிவிடுங்கள்

கதிர்வீச்சு சிகிச்சைப் பிரிவில் பணிபுரியும் டாக்டர்களுக்கும் டெக்னீஷியன்களுக்கும்,

வணக்கம். நான் காசிமேட்டுக்காரி. என் அப்பா விசைப்படகு இன்ஜின் மெக்கானிக். நாக்கு ஓரத்தில் வந்த புற்றுநோயை அறுவை செய்து எடுத்த பிறகு, ஆறு வாரத்தில் 30 சிட்டிங் கதிர்வீச்சு வைக்கவேண்டும் என்றார்கள். கதிரின் அளவு தினம் 2 கிரே, மொத்தம் 60 கிரே. சனி, ஞாயிறு கிடையாது. முகத்துக்கு வலை போன்ற மாஸ்க் செய்து, மேசையோடு பொருத்தி, அசையக்கூடாது என்றார்கள். நல்லபடியாகத்தான் நடந்துகொண்டார்கள். ஆனால் அந்த இயந்திரம் உள்ளே என்ன செய்கிறது என்று யாரும் சொல்லவில்லை.

எங்கள் பக்கத்தில் இதற்குப் பெயர் 'கரண்ட் வைக்கிறது'. கரண்ட் என்றால் அடிக்கும், சுடும் என்றுதானே மனசில் விழும்? முதல் இரண்டு வாரம் அப்பாவுக்கு ஒன்றுமே தெரியவில்லை. மூன்றாவது வாரம் வாயெல்லாம் புண். வெறும் ரசம் சோறுகூட எரிந்தது. "கரண்ட்ட ஜாஸ்தி வெச்சுட்டாங்கம்மா, உள்ள வெந்துடுச்சு" என்றார். 13 சிட்டிங்கோடு நிறுத்திவிட்டார். வியாழன், வெள்ளி, திங்கள், செவ்வாய் என நான்கு நாள் போகவில்லை.

புதன்கிழமை இழுத்துக்கொண்டு போனபோது, ஒரு டாக்டரம்மா உட்கார்ந்து விளக்கினார். அதை முதல் நாளே கேட்டிருக்கலாம் என்பதுதான் இந்த மடலின் காரணம்.

அவர் சொன்னது இது. அந்தக் கதிர் சூட்டினால் செல்லை எரிப்பதில்லை. செல்லுக்குள் இருக்கும் டிஎன்ஏவை நேரடியாகவும், அதைச் சுற்றியுள்ள தண்ணீரை உடைத்து அதில் பிறக்கும் வீரியமான துகள்கள் மூலமாகவும் வெட்டுகிறது. டிஎன்ஏ இரட்டைப் புரி நூல் மாதிரி. ஒரு புரி அறுந்தால் செல் சுலபமாக ஒட்டிக்கொள்ளும். இரண்டும் ஒரே இடத்தில் அறுந்தால்தான் சிக்கல். நல்ல செல்கள் அதையும் சில மணி நேரத்தில் பெரும்பாலும் சரிசெய்துகொள்ளும். புற்றுநோய் செல்கள் பலவற்றுக்கு அந்தத் திறமை குறைவு. அறுந்த நூலோடு இரண்டாகப் பிரியப் போகும்போது அவை சாகின்றன. மொத்த டோஸையும் ஒரே நாளில் கொடுக்காமல் 30 ஆகப் பிரிப்பது, நல்ல செல்லுக்கு அந்த நேரத்தைக் கொடுக்கத்தான்.

அப்புறம் புண் ஏன் மூன்றாவது வாரம் வருகிறது? வாயின் உள்தோல் மேலே உதிர்ந்துகொண்டே இருக்கும், அடியிலிருந்து புதுசு முளைத்துக்கொண்டே இருக்கும். அடிச் செல்களும் வேகமாகப் பிரிபவை என்பதால் கதிர் அவற்றையும் தடுக்கிறது. மேலே ஏற்கெனவே இருக்கும் அடுக்கு இரண்டு வாரம் போல தாங்கும். அது உதிர்ந்ததும், ஈடுகட்ட ஆளில்லாமல் புண் தெரிகிறது. யாரும் டோஸைக் கூட்டவில்லை. முதல் நாளிலிருந்து நடந்தது அன்றைக்குக் கண்ணில் பட்டது, அவ்வளவுதான்.

அந்த நேரத்தில் நிறுத்துவதுதான் ஆபத்து. மிச்சமிருக்கும் புற்றுநோய் செல்கள், சிகிச்சை தொடங்கி மூன்று நான்கு வாரத்தில் முன்பைவிட வேகமாகப் பெருகத் தொடங்கும். விட்ட நாள் அவற்றுக்கு லாபம். அதனால் அப்பாவுக்கு இரண்டு சனிக்கிழமை கூடுதலாக வைத்தார்கள். இரண்டு நாள் காலையும் மாலையும் வைத்தார்கள், நடுவில் ஆறு மணி நேரம் விட்டு. நல்ல செல் ஒட்டிக்கொள்ளத்தான் அந்த ஆறு மணி நேரம் என்றதும் அப்பா தலையாட்டினார். நினைத்த வெள்ளிக்கிழமையே முடிந்தது.

முடிந்த பிறகும் ஒன்றிரண்டு வாரம் புண் கூடியது. இதை அந்த டாக்டரம்மா முன்கூட்டியே சொல்லியிருந்ததால் நாங்கள் பயப்படவில்லை. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் சமையல் சோடா கலந்து கொப்பளித்தார். குழைந்த கஞ்சி, முட்டை, தயிர் சாப்பிட்டார். மாஸ்க் லூசானால் சொல்லச் சொன்னார்கள். எடை குறைந்தால் முகம் ஒடுங்கி, கதிர் குறி தவறலாம். காய்ச்சல் வந்தாலோ தண்ணீர்கூட இறங்காவிட்டாலோ அன்றைக்கே வரச் சொன்னார்கள். ஒரு மாதத்தில் புண் ஆறியது. வாய் வறட்சி இன்னும் இருக்கிறது. அது நெடுநாள் நிற்கும், சிலருக்கு முழுசாகப் போகாது என்றும் சொல்லிவிட்டார்கள்.

இன்னொன்று. உடம்பில் கரண்ட் தங்கியிருக்கும் என்று பயந்து அப்பா பேத்தியை இரண்டு வாரம் தூக்கவே இல்லை. வெளியிலிருந்து வைக்கும் கதிர் இயந்திரத்தை நிறுத்தியதும் நின்றுவிடும், உடம்பில் எதுவும் மிஞ்சாது. இந்த ஒரு வரியை யாராவது சொல்லியிருந்தால் போதும்.

உங்களுக்குக் கூட்டம் அதிகம், நேரம் இல்லை என்பது தெரியும். மாஸ்க் செய்யும் நாளில் எப்படியும் நோயாளியும் வீட்டில் ஒருவரும் காத்திருக்கிறோம். அப்போது பத்து நிமிஷம் எங்களைச் சேர்த்து உட்காரவைத்துத் தமிழில் இதைச் சொல்லுங்கள். புண் எந்த வாரம் வரும், எப்போது கூடும், எப்போது ஆறும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். மூன்றாவது வாரத்தில் யாராவது வரவில்லை என்றால், அன்றைக்கே ஒரு போன் போடுங்கள்.

இப்படிக்கு,
காசிமேட்டிலிருந்து ஒரு மகள்