ரெப்போ விகிதம் குறைந்தும் தவணை குறையாதது ஏன்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தைக் குறைக்கும் ஒவ்வொரு முறையும் ‘வீட்டுக் கடன் தவணை குறையும்’ என்ற தலைப்புடன் செய்தி வெளியாகிறது. அதைப் படித்துவிட்டு, கோத்தகிரியிலும் குன்னூரிலும் கடன் எடுத்து வீடு கட்டியவர்கள் அடுத்த மாதமே வங்கிக் கணக்கைப் பார்க்கிறார்கள். பிடித்தம் செய்யப்பட்ட தொகையோ ஒரு ரூபாய்கூட மாறியிருப்பதில்லை. வங்கி ஏமாற்றுகிறது என்று சிலர் முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். வங்கிப் பணியில் வெகுகாலம் இருந்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில், அந்தச் செய்திகள் சொல்லாமல் விடும் பகுதியை எழுத விரும்புகிறேன்.

வங்கிகளுக்குக் கையிருப்பில் பணம் போதாதபோது, தம்மிடமுள்ள அரசுக் கடன் பத்திரங்களை ஈடாக வைத்து ரிசர்வ் வங்கியிடம் மிகக் குறுகிய காலத்துக்கு, பெரும்பாலும் ஓரிரவுக்கு, கடன் பெறுகின்றன. அந்தக் கடனுக்கான வட்டியே ரெப்போ விகிதம். ஆறு உறுப்பினர்கள் கொண்ட பணக் கொள்கைக் குழு, பொதுவாக இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை கூடி அதை முடிவு செய்கிறது. ஆனால் வங்கிகள் நமக்குத் தரும் வீட்டுக் கடனில் பெரும்பகுதி இப்படி வாங்கிய பணமன்று. அது மக்கள் போட்ட வைப்புத் தொகை. ஐந்தாண்டு வைப்புக்கு ஒப்புக்கொண்ட வட்டியை வங்கி இடையில் குறைக்க முடியாது. ஆகவே ரெப்போ குறைந்த மறுநாளே வங்கியின் செலவு குறைந்துவிடுவதில்லை.

அப்படியிருந்தும் நம் தவணைக்கும் ரெப்போவுக்கும் நேரடித் தொடர்பு இருப்பதற்குக் காரணம் ஒரு விதி. 2019 அக்டோபர் 1 முதல் வணிக வங்கிகள் புதிதாக வழங்கும் மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் அனைத்தையும் வங்கிக்கு வெளியே உள்ள ஓர் அளவுகோலுடன் இணைக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கட்டளையிட்டது. பெரும்பாலான வங்கிகள் ரெப்போவையே அந்த அளவுகோலாக எடுத்துக்கொண்டன. ரெப்போவின் மேல் வங்கி தன் பங்காக ஒரு கூடுதல் விகிதத்தைச் சேர்க்கிறது; இரண்டும் சேர்ந்ததே நம் வட்டி. இந்த வட்டியைக் குறைந்தது மூன்று மாதங்களுக்கு ஒருமுறை மறுநிர்ணயம் செய்தாக வேண்டும். டிசம்பரில் அறிவித்த குறைப்பு சிலருக்கு ஜனவரியிலும் சிலருக்குப் பிப்ரவரியிலும் வந்து சேர்வது இதனால்தான். அந்தத் தேதிக்கு முன்பே எடுத்த கடன் பழைய எம்.சி.எல்.ஆர். முறையிலேயே தொடர்ந்தால், அது வங்கியின் சொந்தச் செலவை ஒட்டியே நகரும். குறைப்பு மெதுவாகவே வரும். கூட்டுறவு வங்கிகளையும் வீட்டுவசதி நிதி நிறுவனங்களையும் 2019-ஆம் ஆண்டு விதி கட்டுப்படுத்தவில்லை என்பதை, அவற்றில் கடன் வாங்கியவர்கள் மிகுந்த நம் மலையில் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இனி ஒரு கணக்கைப் பார்ப்போம். 2022-இன் தொடக்கத்தில் ரெப்போ 4 சதவீதம். வங்கியின் கூடுதல் விகிதம் 3 என்று கொண்டால் வட்டி 7 சதவீதம். அப்போது இருபது ஆண்டுகளுக்கு 20 லட்சம் ரூபாய் கடன் எடுத்தவரின் மாதத் தவணை 15,506 ரூபாய். அந்த ஆண்டு மே மாதம் தொடங்கிய உயர்வு, 2023 பிப்ரவரியில் ரெப்போவை 6.50-க்குக் கொண்டுவந்து நிறுத்தியது. நம் கடன்தாரரின் வட்டி 9.50 ஆயிற்று. அதற்குள் அவருடைய அசல் 19.60 லட்சத்துக்குக் கீழே இறங்கியிருக்காது. அந்தத் தொகைக்கே ஒரு மாத வட்டி 15,517 ரூபாய் ஆகிறது. அதாவது, அவர் கட்டிவந்த தவணை முழுவதையும் வட்டியே விழுங்கிவிட்டு, மேலும் சில ரூபாய் கேட்கிறது. தவணையை உயர்த்தாமல் காலத்தை மட்டும் நீட்டிக்கொண்டே போனால் இத்தகைய கடன் ஒருநாளும் தீராது. பல வீடுகளில் தவணைக் காலம் ஓய்வு வயதையும் தாண்டி நீண்டது இப்படித்தான். கட்டும் தொகை மாறாததால், வட்டி ஏறியதைக் கவனிக்காதவர்களும் இருந்தார்கள்.

இந்த நிலையைக் கண்டே 2023 ஆகஸ்ட் 18 அன்று ரிசர்வ் வங்கி வேறொரு சுற்றறிக்கை வெளியிட்டது. வங்கிகள், வீட்டுவசதி நிதி நிறுவனங்கள் ஆகிய எல்லோருக்கும் அது பொருந்தும். வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் செய்வதா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைக் கடன்தாரருக்குத் தர வேண்டும். தவணை, வட்டிக்குக்கூடப் போதாத நிலைக்குக் கடனை நீள விடக்கூடாது. இதுவரை கட்டிய அசல், வட்டி, மீதமுள்ள தவணைகள், ஆண்டு வட்டி விகிதம் ஆகியவற்றைக் காட்டும் அறிக்கையை மூன்று மாதங்களுக்கு ஒருமுறை தர வேண்டும் என்கிறது அது. இந்த அறிக்கையைக் கேட்டு வாங்குவோர் மிகச் சிலரே என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

2025 பிப்ரவரி முதல் டிசம்பர் வரை ரெப்போ நான்கு முறை குறைக்கப்பட்டு 6.50-இலிருந்து 5.25-க்கு வந்தது. அப்போதும் பல வங்கிகள் தவணையைத் தொடாமல் காலத்தையே குறைத்தன. தவணை மாறவில்லை என்பதால் பலன் கிடைக்கவில்லை என்று பொருளில்லை. 15 லட்சம் ரூபாய் பாக்கியும் 15 ஆண்டுக் காலமும் உள்ள ஒருவர் 9.50 சதவீதத்தில் மாதம் 15,663 ரூபாய் கட்டுகிறார் என்று கொள்வோம். வட்டி 8.25 ஆகும்போது காலத்தை மாற்றாவிட்டால் தவணை 14,552 ஆகக் குறையும். மாதம் 1,111 ரூபாய் மிச்சம். பழைய தொகையையே தொடர்ந்து கட்டினால் 180 மாதக் கடன் 157 மாதங்களில் முடியும். வட்டி அப்படியே நீடித்தால் மொத்தத்தில் சுமார் 1.64 லட்சம் ரூபாய் குறைவாகக் கட்டுவார். மாதச் சம்பளக்காரருக்கு இரண்டாவது வழியே நல்லது என்பது என் கருத்து. பசுந்தேயிலை விற்றுத் தவணை கட்டும் சிறு விவசாயிக்கு அப்படிச் சொல்ல மாட்டேன். பனிக்காலத்தில் கொழுந்து வரத்து குறையும் மாதங்களில் ஆயிரம் ரூபாய் குறைந்த தவணை அவரைப் பாக்கி விழாமல் காக்கும்.

மறுநிர்ணயத் தேதி கடந்தும் தவணை, காலம் இரண்டுமே மாறாவிட்டால்தான் ஐயப்பட வேண்டும். அப்போது கடன் அனுமதிக் கடிதத்தை எடுத்து, வட்டி எந்த அளவுகோலுடன் இணைக்கப்பட்டது, கூடுதல் விகிதம் எவ்வளவு என்று பார்த்து, கிளையில் எழுத்து மூலம் விளக்கம் கேட்கலாம். பழைய முறையில் இருப்பவர்கள் ரெப்போ இணைப்புக்கு மாற்றக் கோரி மனு தரலாம். அதற்கான கட்டணம் எவ்வளவு என்பதையும், புதிய கூடுதல் விகிதம் பழையதைவிட அதிகமாக இருக்கிறதா என்பதையும் கையெழுத்திடும் முன் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ரெப்போ மாற்றம் குறித்த செய்தியில், ‘தவணை குறையும்’ என்று எழுதுமிடத்தில், ‘வணிக வங்கிகளில் 2019 அக்டோபர் முதல் எடுத்த மாறும் வட்டிக் கடன்களில், மூன்று மாதங்களுக்குள், தவணையோ காலமோ குறையும்’ என்று சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.