அந்த ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கொடுங்கள்

மதிப்பிற்குரிய மருத்துவமனை நிர்வாகத்தினருக்கும் நோயாளர் உரிமைப் பிரிவினருக்கும்,

வணக்கம். இந்த மடலின் அரபிப் பிரதியை உங்கள் அலுவலகத்தில் நேரில் கொடுத்துவிட்டேன். தமிழிலும் எழுதக் காரணம், உங்கள் வார்டுகளில் படுத்திருக்கும் எங்கள் ஆட்களும் இதைப் படிக்க வேண்டும் என்பதுதான். இந்த சவூதி மண்ணில் பதினாறு வருடமாக அரபிக் காகிதங்களைத் தமிழாக்கிக் கொடுப்பது என் வேலை.

நடந்தது உங்களுக்குத் தெரியும். சாரம் கட்டும் வேலையில் இருக்கும் 47 வயது அண்ணன் ஒருவர், சர்க்கரை நோயாளி. பூட்ஸைத் துளைத்து ஏறிய ஆணியால் வலது கால் பழுத்துப்போய் உங்களிடம் வந்தார். மூன்றாம் நாள் காலை ஆபரேஷன். மயக்கம் தெளிந்து எழுந்தவர், கட்டின் மேல் கையை வைத்து எண்ணிப் பார்த்தபோது இரண்டு விரல்கள் இல்லை.

டாக்டர் தேவையில்லாமல் வெட்டினார் என்று நான் சொல்லவில்லை. எலும்பு வரை அழுகியிருந்தால் விரலை எடுத்துத்தான் காலைக் காப்பாற்ற முடியும். என் கேள்வி அதற்கு முந்தைய இரவைப் பற்றியது. அவர் கைநாட்டு வைத்த அந்தப் படிவத்தைப் பற்றியது.

கைநாட்டு என்றேன். அண்ணனுக்குத் தமிழில் அழகாகக் கையெழுத்துப் போடத் தெரியும். யாரும் கேட்கவில்லை. படிவம் அரபியில் இருந்ததால் எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று முடிவு செய்து, விரலில் மை தடவி அழுத்தியிருக்கிறார்கள். மொழிபெயர்ப்பாளர் பெயரும் கையொப்பமும் கேட்கும் கட்டத்தில் குறுக்கே ஒரு கோடு. மாற்று சிகிச்சைகள் என்ற கட்டம் காலி.

அன்றிரவு அவருக்கு விளக்கிச் சொன்னவர் ஒரு மலையாளி நர்ஸ். அவருக்குத் தெரிந்த வழியில், அந்த வேளையில், நல்ல மனதோடுதான் உதவினார். அவர்மேல் எனக்குத் துளியும் கோபம் இல்லை. "விரல் முறிச்சு மாற்றேண்டி வரும்" என்று சொல்லியிருக்கிறார். மலையாளத்தில் அதற்கு விரலை வெட்டி அகற்ற வேண்டிவரும் என்று பொருள். தமிழ்க் காதுக்கு "மாற்றுவது" என்றால் வேறொன்று வைப்பது. தினமும் நடப்பது போல விரலில் உள்ள கட்டைப் பிரித்துப் புதுக் கட்டுப் போடுவார்கள் என்று நினைத்து, அண்ணன் சரி என்று தலையாட்டியிருக்கிறார். மனைவிக்குப் போன் போட்டு, "நாளைக்குப் புண்ணைக் கழுவுறாங்க" என்று சொல்லிவிட்டுத் தூங்கியிருக்கிறார்.

இப்போது உங்கள் படிவத்துக்கு வருகிறேன். அதில் முக்கியமான வாக்கியம் ஒன்றுதான். வலது காலில் "தன்ளீர்", கூடவே ஒரு விரலோ அதற்கு மேலோ "பத்ர்" செய்யும் "இஹ்திமால்", அறுவை மருத்துவர் ஆபரேஷனின்போது பொருத்தமெனக் காண்பதற்கு ஏற்ப. தன்ளீர் என்றால் அழுகிய சதையை அகற்றுவது, பத்ர் என்றால் வெட்டி நீக்குவது, இஹ்திமால் என்றால் நேரக்கூடியது. இதன் பின்பாதியை அகராதி வைத்துத் தமிழாக்கினால், "அறுவை மருத்துவரின் தீர்மானத்திற்கிணங்க அங்க நீக்கம் மேற்கொள்ளப்படும் வாய்ப்புள்ளது" என்று வரும். தப்பே இல்லாத தமிழ். ஆனால் அண்ணனுக்கு இதுவும் அரபிதான். "வாய்ப்பு" என்ற சொல்லை அவர் வேலைக்கும் விசாவுக்கும்தான் கேட்டிருக்கிறார்.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: "உங்கள் வலது காலில் அழுகிய சதையை வெட்டி எடுப்போம். விரலும் அழுகியிருந்தால் அந்த விரலையும் வெட்டி எடுப்போம். ஒரு விரல் போகலாம், அதற்கு மேலும் போகலாம். எத்தனை என்பதை நீங்கள் மயக்கத்தில் இருக்கும்போது டாக்டர் பார்த்து முடிவு செய்வார். அப்போது உங்களைக் கேட்க முடியாது. அதனால் இப்போதே கேட்கிறோம்."

அடுத்து "முளாஅஃபாத்" என்று ஒரு தலைப்பு. எல்லோரும் "சிக்கல்கள்" என்று போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். சிக்கல் என்றால் நோயாளிக்கு ஒன்றும் புரியாது, ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி எழுத வேண்டும். அதன் கீழே "தஸம்முமுத் தம்" என்றிருக்கிறது. சொல்லுக்குச் சொல் வைத்தால் "ரத்தம் விஷமாதல்". யாரோ விஷம் கொடுத்தது போலவோ, பாம்பு கடித்தது போலவோதான் அவருக்குக் கேட்கும். "காலில் இருக்கும் கிருமி ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கப் பரவலாம், உயிர் போகலாம்" என்று எழுதினால்தான் விஷயம் போய்ச் சேரும். இதே ஆபத்து ஆபரேஷன் செய்யாமல் விட்டாலும் உண்டு. அதையும் பக்கத்திலேயே எழுத வேண்டும். இல்லாவிட்டால் பயந்துபோய் வேண்டாம் என்பார், காலே போய்விடும்.

இன்னொன்று. இலங்கைத் தமிழர்கள் "சத்திரசிகிச்சை" என்பார்கள், நாங்கள் "அறுவை சிகிச்சை" என்போம். "ஆபரேஷன்" என்று எழுதினால் இருவருக்கும் புரியும். அதை எழுத வெட்கப்படத் தேவையில்லை.

என் கோரிக்கை ஒன்றுதான்: ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கொடுங்கள். அரபிப் படிவம் சட்டத்துக்காக அப்படியே இருக்கட்டும், தமிழ்த்தாள் அதனோடு சேர்ந்து வரட்டும். ஒருவர் தமிழாக்கினால், அரபியைப் பார்க்காத இன்னொருவர் அந்தத் தமிழைத் திரும்ப அரபியாக்கி உங்கள் டாக்டரிடம் காட்டட்டும். தவறிப்போன வரி அங்கே தெரிந்துவிடும். படித்துக் காட்டிய பிறகு "புரிந்ததா" என்று கேட்காதீர்கள். மருத்துவமனைக் கட்டிலில் படுத்துக்கொண்டு யாரும் "புரியவில்லை" என்று சொல்ல மாட்டார்கள். "நாளைக்கு உங்களுக்கு என்ன செய்யப்போகிறார்கள், நீங்களே சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அன்றிரவு இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால், "கட்டு மாத்தப் போறாங்க" என்று அண்ணன் சொல்லியிருப்பார், அப்போதே விஷயம் வெளிப்பட்டிருக்கும்.

நேரம் இல்லை, அவசரம் என்று உங்கள் அலுவலகத்தில் சொன்னார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டாம் என்று சட்டமே சொல்கிறது. ஆனால் அவர் உங்கள் வார்டில் இரண்டு நாள் படுத்திருந்தார். சுகாதாரத் தொழில் புரிவோருக்கான சட்டம் இந்த நாட்டில் 2005 முதல் இருக்கிறது. ஒப்புதல் இல்லாமல் நோயாளியின் உடம்பில் கத்தி வைக்கக் கூடாது என்றும், செய்யப்போவதை அவருக்கு விளக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. நான் புதிதாக எதையும் கேட்கவில்லை.

இரண்டு நாளில் ஒரு ஆளைப் பிடித்திருக்க முடியாதா? சம்பளச் சீட்டில் பிடித்தம் என்றால் எங்கள் கம்பெனிகள் எப்படியாவது தமிழில் புரியவைத்துவிடுகின்றன. கேண்டீனில் தமிழ் பேசுகிறார்கள், லாண்டரியில் தமிழ் பேசுகிறார்கள். விரலை எடுக்கும்போது மட்டும் தமிழ் தெரிந்த ஒருவர் கிடைக்கவில்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. மன்னிக்கவும், இதை எழுதும்போது குரல் உயர்ந்துவிடுகிறது.

பணிவோடு மறுபடியும் கேட்கிறேன், படிவத்தைத் தமிழில் கொடுங்கள். மொழிபெயர்க்க நான் காசு கேட்கவில்லை. சரிபார்க்கத் தமிழ் நர்ஸ்கள் இரண்டு பேர் முன்வந்திருக்கிறார்கள்.

இதற்கு இன்றே ஒரு வேலையும் இருக்கிறது. வருகிற வாரம் அண்ணனுக்கு "தர்கீஉல் ஜில்த்" என்று எழுதியிருக்கிறீர்கள். காலில் தோல் ஒட்டப்போகிறார்கள் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும். அந்தத் தோலை அவருடைய தொடையிலிருந்தே எடுப்பார்கள், அங்கேயும் ஒரு புண் இருக்கும், ஒட்டிய தோல் பிடிக்காமலும் போகலாம் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. அந்தத் தாளைத் தமிழில் எழுதி இந்த மடலோடு இணைத்திருக்கிறேன். அதை அவர் கையில் கொடுங்கள். படித்துவிட்டு அவரே கையெழுத்துப் போடட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வார்டுக்கு வெளியே காத்திருக்கும் அவருடைய அறைத்தோழன்