பட்டைய எடுத்துட்டு புள்ளி வைங்க சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன மாசம் உங்க பத்திரிகைல பாலூட்டிகளோட எடை பத்தி ஒரு கட்டுரை வந்துச்சு, அதுல ஒரு பட்டை கிராஃபும் போட்டிருந்தீங்க. கீழ குட்டி மூஞ்சூறு, எலி, பூனை, மனுஷன், யானை, நீலத்திமிங்கிலம்னு வரிசையா 6 பட்டை, இடது பக்க அச்சுல ஒவ்வொரு கோட்டுக்கும் 10 மடங்கு ஏறுற மாதிரி எண்கள், லாக் ஸ்கேல்னு சொல்றது இதத்தான். இந்த இதழ்ல ஒரு வாசகர் அதைக் கண்டிச்சு எழுதியிருக்கார், "சாதாரண ஜனங்களுக்கு லாக் ஸ்கேல் எல்லாம் எதுக்கு, நேரா போட்டா போதாதா"ன்னு. அவர் கோவம் எனக்குப் புரியுது, ஆனா அவர் சொல்ற வழி சரிவராது. நான் பல வருஷமா அறிக்கைகளுக்கு கிராஃப் போட்டுக் குடுக்குற வேலை பாத்தவன், இதே தப்ப நானும் பண்ணியிருக்கேன், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், வெட்டணும்னா வெட்டிக்குங்க.

மொதல்ல அவர் கேட்ட மாதிரி நேரா போட்டுப் பாப்போம். நீலத்திமிங்கிலம் சுமார் 150 டன்னு வைங்க, அதுக்கு 15 செ.மீ. உயரம் குடுக்கலாம், அப்போ 1 டன்னுக்கு 1 மி.மீ. யானை 5 டன், அது 5 மி.மீ., சரி கண்ணுக்குத் தெரியும். மனுஷன் 70 கிலோ, அவனுக்குக் கெடைக்கிறது 0.07 மி.மீ., அதாவது ஒரு தலைமுடி தடிமன். பூனை 4 கிலோ, முடியையும் 15-க்கு மேல கூறு போடணும். 20 கிராம் எலியும் 2 கிராம் மூஞ்சூறும் எந்த பிரஸ்லயும் அச்சாகாது. ஆக 6 பட்டைல ஒண்ணரை பட்டைதான் தெரியும், மத்த நாலும் ஒரே கோடு, எலிக்கும் மனுஷனுக்கும் வித்தியாசமே இல்லாத மாதிரி. நடுவுல அச்ச வளைச்சு நெளிச்சு வெட்டிக் காட்டுவாங்களே, அது இன்னும் மோசம், வெட்டுக்கு மேல இருக்குற நீளத்துக்கு அர்த்தமே கெடையாது. மூஞ்சூறுலேர்ந்து திமிங்கிலம் வரைக்கும் ஏழரை கோடி மடங்கு, இவ்வளவு தூரம் ஓடுற எண்கள ஒரே பக்கத்துல காட்டணும்னா லாக் ஸ்கேல விட்டா வேற வழி இல்ல.

அதனால நீங்க லாக் போட்டது தப்பில்ல சார். லாக்ல பட்டை போட்டதுதான் தப்பு.

எங்க அம்மா அந்தப் பக்கத்தப் பாத்துட்டு கேட்ட மொத கேள்வி, "என்னடா, மனுஷன் திமிங்கிலத்துல பாதிக்கு மேல இருக்கானா?" சிரிச்சுட்டேன், அப்புறம் ஸ்கேல் எடுத்து அளந்தேன். உங்க கிராஃப்ல ஒரு 10 மடங்குக்கு ஒண்ணரை செ.மீ. விட்டிருக்கீங்க, அடிக்கோடு 1 கிராம். அதுல மனுஷன் பட்டை 7.3 செ.மீ., திமிங்கிலம் 12.3 செ.மீ. நூத்துக்கு 59! அம்மா கண்ணு கரெக்டாத்தான் படிச்சிருக்கு. பட்டைன்னு ஒண்ணப் போட்டா ஜனங்க நீளத்த நீளத்தோட ஒப்பிடுவாங்க, பட்டையோட வேலையே அதுதான், அதுல அவங்க மேல குத்தம் சொல்ல முடியாது. நெஜத்துல மனுஷன மாதிரி 2100 பேருக்கு மேல சேந்தாத்தான் ஒரு திமிங்கிலம்.

சரி, அடிக்கோட்ட மாத்திப் பாருங்க. 1 கிராமுக்குப் பதிலா 1 மில்லிகிராம்லேர்ந்து ஆரம்பிச்சா எல்லாப் பட்டையும் நாலரை செ.மீ. வளந்துடும், மனுஷன் 11.8, திமிங்கிலம் 16.8, இப்போ மனுஷன் திமிங்கிலத்துல நூத்துக்கு 70. மாறா 10 கிலோலேர்ந்து ஆரம்பிச்சா மனுஷன் 1.3, திமிங்கிலம் 6.3, இப்போ அஞ்சுல ஒரு பங்கு. எடை மாறல, எதுவும் மாறல, நான் அடிக்கோட்ட எங்க வச்சேன்ங்கறத வச்சு மனுஷன் குண்டாகுறான் ஒல்லியாகுறான். லாக் அச்சுல எங்க ஆரம்பிக்கிறதுங்கறது வரையறவன் இஷ்டம், ஏன்னா அங்க 0 கெடையாது. 1-க்குக் கீழ 0.1, அதுக்குக் கீழ 0.01, அதுக்கும் கீழ 0.001, இப்படி ஒண்ணரை ஒண்ணரை செ.மீ.யா எறங்கிட்டே போகலாம், 0 வரவே வராது. பட்டைக்கு ஒரு தரை வேணும், அந்தத் தரை 0. இங்க தரையே இல்ல.

இந்த இடத்துல உங்க டிசைனர் ஒரு வேலை பண்ணியிருக்கார். அடிக்கோட்டுல, 1 இருக்க வேண்டிய எடத்துல, 0-ன்னு எழுதிட்டார். அதுக்கு மேல 10, 100, 1000. கிராஃப் போடுற மென்பொருள் தானா இத எழுதாது, அழகா இருக்கட்டும்னு அப்புறமா கையால சேத்ததாத்தான் இருக்கும். இது படிக்கிறவங்களுக்கும் ஒரு நல்ல அடையாளம்: ஒரு அச்சுல 0, 10, 100, 1000 எல்லாம் சம இடைவெளில இருந்தா, போட்டவருக்கு லாக் புரியலன்னு அர்த்தம்.

இப்போ உபயோகமான விஷயத்துக்கு வரேன். மேல நான் சொன்ன மூணு கிராஃப்லயும் மாறாத ஒண்ணு இருக்கு, கவனிச்சீங்களா? மனுஷனோட உச்சிக்கும் திமிங்கிலத்தோட உச்சிக்கும் நடுவுல 5 செ.மீ. மூணுலயும் அதே 5. லாக் கிராஃப்ல பட்டையோட நீளம் எதையும் சொல்லாது, உச்சிக்கு உச்சி இருக்குற இடைவெளிதான் சொல்லும். ஒண்ணரை செ.மீ.ன்னா 10 மடங்கு, அப்போ நாலரை செ.மீ.ன்னா 10-ஐ மூணு தடவ பெருக்கணும், 1000 மடங்கு, மிச்சம் அரை செ.மீ. இந்த ஸ்கேல்ல இரட்டிப்புக்கு நாலரை மி.மீ., அப்போ அரை செ.மீ. ரெண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேல. ஆக ரெண்டாயிரத்துச் சொச்சம் மடங்கு. ஒரு ஸ்கேலும் இந்த ஒரு விதியும் இருந்தா ஆறாம் கிளாஸ் பையன்கூட படிச்சுடுவான், மடக்கைன்னு ஒரு வார்த்தையே சொல்லத் தேவையில்ல. எங்க அக்கா பையன் கிட்ட சோதிச்சேன், எலிக்கும் பூனைக்கும் எவ்வளவு மடங்குடான்னு கேட்டதுக்கு அளந்து பாத்துட்டு "200 மாமா"ன்னான்.

அதனாலதான் புள்ளி போடுங்கன்னு சொல்றேன். பட்டைய எடுத்துட்டு அதோட உச்சில மட்டும் ஒரு புள்ளி வச்சா, கண்ணு தரைலேர்ந்து அளக்காது, ஒரு புள்ளிலேர்ந்து இன்னொரு புள்ளிக்குத் தாவும், அந்தத் தாவல்தான் நமக்கு வேண்டிய மடங்கு. பக்கத்துல ஒண்ணரை செ.மீ.க்கு ஒரு சின்ன அம்புக்குறி, "இவ்வளவு நீளம் = 10 மடங்கு"ன்னு எழுதிடுங்க, மேப்ல கிலோமீட்டர் கோடு போடுற மாதிரி. அச்சுல 100000, 1000000-ன்னு பூஜ்யமா அடுக்காம 1 கிராம், 1 கிலோ, 1 டன்னு எழுதுங்க. கிராம்லேர்ந்து கிலோ 1000 மடங்கு, கிலோலேர்ந்து டன் 1000 மடங்கு, ரெண்டும் ஒரே தூரம். பேசும்போது நாம ஏற்கெனவே அப்படித்தான் படி ஏறுறோம், 5 டன்ன யாரும் 50 லட்சம் கிராம்னு சொல்றதில்ல, அதனால இந்த மூணு பேரப் பாத்ததும் பாதி விளக்கம் முடிஞ்சுது.

ரெண்டு கோட்டுக்கு நடுவுல இருக்குறதப் படிக்கிறதுதான் கொஞ்சம் ஏமாத்தும். 1 கிலோவுக்கும் 10 கிலோவுக்கும் சரியா நடுவுல ஒரு புள்ளி இருந்தா எல்லாரும் அஞ்சரை கிலோன்னுதான் சொல்லுவாங்க. அது 3.2 கிலோ. ஏன்னா கீழேர்ந்து நடுவுக்கு எத்தன மடங்கோ நடுவுலேர்ந்து மேலுக்கும் அத்தன மடங்கு இருக்கணும், 3.2-ஐ 3.2-ஆல பெருக்கினா 10-க்கு ஒட்டி வருது பாருங்க. 5 கிலோ பாதிக்கு மேல ஏறி, நூத்துக்கு 70-ல நிக்கும், 2 கிலோ 30-ல. அதனால 2-க்கும் 5-க்கும் மெல்லிசா கோடு போட்டு எண்ணையும் எழுதிட்டா இந்தத் தப்பு பெரும்பாலும் நின்னுடும்.

இதுலயே இன்னொரு வலையும் இருக்கு. "ஏறக்குறைய ஒரே உயரம்"னு தோணுற ரெண்டு புள்ளி, நாலரை மி.மீ. தள்ளி இருந்தா ஒண்ணு இன்னொண்ணுல ரெண்டு மடங்கு. ஒரு மிருகத்தோட எடைல பாதியத் தப்பா போட்டாலும் உங்க கிராஃப்ல கால் விரல் நகம் அளவுதான் நகரும், எடிட்டிங்ல யார் கண்ணுக்கும் படாது. லாக் கிராஃப்ல புள்ளியெல்லாம் ஒரு கோட்டுல அழகா ஒட்டி நிக்குதுன்னு யாராவது பெருமைப்பட்டா நான் மொதல்ல அந்த ரெண்டு மடங்கு தூரம் எவ்வளவுன்னுதான் அளப்பேன்.

வாசகர் சொல்றதுல ஒரு நியாயம் இருக்குன்னு ஒத்துக்கறேன். 2020-ல கோவிட் நேரத்துல சில ஆராய்ச்சியாளர்கள் சோதிச்சுப் பாத்தாங்க, ஒரே சாவு எண்ணிக்கைய சிலருக்கு நேர் கிராஃபாவும் சிலருக்கு லாக் கிராஃபாவும் காட்டி, எந்த வாரத்துல சாவு அதிகமாக் கூடுச்சுன்னு கேட்டாங்க. நேர் கிராஃப் பாத்தவங்க 100-க்கு 84 பேர் சரியாச் சொன்னாங்க, லாக் பாத்தவங்க 41 பேர்தான். ஆனா அந்தக் கேள்வியப் பாருங்க, "எத்தன பேர் கூடுனாங்க"ங்கறது கழித்தல் கேள்வி. லாக் கிராஃப் "எத்தன மடங்கு ஆச்சு"ங்கறதுக்குத்தான் பதில் சொல்லும். 10 பேர் 20 ஆனாலும் 1000 பேர் 2000 ஆனாலும் அதுல ஒரே ஏத்தம்தான். கட்டுரைல எத்தன பேர்னு பேசிட்டு பக்கத்துல லாக் கிராஃப் வச்சா படிக்கிறவன் என்ன பண்ணுவான்? எண்ணிக்கைதான் விஷயம்னா நேர் கிராஃபே போடுங்க, மடங்குதான் விஷயம்னா லாக். உங்க கட்டுரையோ முழுக்க "இது அத விட எத்தன மடங்கு"ன்னுதான் போச்சு, அதனால லாக் சரியான தேர்வு.

அடுத்த இதழ்ல திருத்தம் போடுறதா இருந்தா முழு கிராஃபையும் மாத்த எடம் இல்லாட்டியும் பரவால்ல, அந்த அடிக்கோட்டு 0-வ அழிச்சுட்டு 1 கிராம்னு மட்டும் எழுதிடுங்க. அம்மா இன்னும் நம்பல, 2100 பேர்னு சொன்னா "படத்துல அப்படி இல்லயே"ங்கறாங்க.

இப்படிக்கு,
உங்க பழைய வாசகன்