வாசலுக்கு வெளியே ஒரு நாற்காலி: வீடியோ காலில் கவுன்சிலிங் வரும் பிள்ளைகளின் பெற்றோருக்கு

அன்புள்ள அம்மா அப்பாக்களுக்கு,

வணக்கம். ஒவ்வொரு வாரமும் வேலூருக்கு பஸ் ஏறி வரமுடியாமல், குடியாத்தம், பேரணாம்பட்டு, அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து போனிலேயே என்னிடம் பிள்ளைகளைப் பேசவிடுகிறீர்கள். உங்களிடம் ஒன்று கேட்கவேண்டும்: பிள்ளை என்னிடம் பேசும் நேரத்தில் நீங்கள் வாசலுக்கு வெளியே உட்காருங்கள்.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சிலதை மாற்றியிருக்கிறேன். வயது பத்து. பள்ளிக்கூடம் கிளம்பும் நேரத்தில் வயிற்றுவலி. சர்க்கரை டப்பாவில் போனைச் சாய்த்துவைத்து உட்காருவான். நான் எது கேட்டாலும் அவன் கண் இடது பக்கம் போய்த் திரும்பும். அப்புறம், "ஒண்ணுமில்ல மிஸ்." இரண்டு வாரம் அதைக் கவனச்சிதறல் என்றே நினைத்தேன். தப்பு என்னுடையது. கவனம் சிதறுகிற பிள்ளையின் கண் எங்கெங்கோ அலையும். ஒரே இடத்துக்குப் போய்ப் போய் வந்தால், அங்கே ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். அங்கே அவன் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார். குறுக்கே ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் அம்மா முகம் வாடுமோ என்று பார்த்துப் பார்த்துத்தான் அவன் பதில் சொல்லியிருக்கிறான்.

மூன்றாம் வாரம், அம்மா நாற்காலியை வாசலுக்கு வெளியே போட்டுக்கொண்டார். பையன் காதில் வயர் ஹெட்போன். என் கேள்வி அவனுக்கு மட்டும் கேட்கும். பதிலை வாயால் சொல்லவேண்டாம், பயம் எவ்வளவோ அத்தனை விரல் காட்டு என்றேன். வகுப்புக்கு இரண்டு விரல். வாத்தியாருக்கு மூன்று. வேனுக்கு ஒன்பது. பெரிய பையன்கள் தினமும் அவன் டிபனைப் பிடுங்கித் தின்றிருக்கிறார்கள். அப்பா சண்டைக்குப் போய்விடுவார் என்று வீட்டில் மூச்சு விடவில்லை. கடைசிப் பத்து நிமிஷம் அம்மாவை உள்ளே கூப்பிடுவதற்கு முன், எதைச் சொல்லலாம் என்று அவனையே கேட்டேன். "நானே சொல்றேன் மிஸ்" என்றான்.

அதனால்தான் "என்ன பேசினான்?" என்று நீங்கள் கேட்கும்போது எல்லாவற்றையும் நான் சொல்வதில்லை. ஆனால் பிள்ளையின் உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து என்றால் மறைக்கமாட்டேன். பாலியல் தொல்லை என்று தெரிந்தால் 2012 போக்சோ சட்டப்படி புகார் கொடுத்தே ஆகவேண்டும். இதை முதல் நாளே பிள்ளையிடமும் சொல்லிவிடுகிறேன்.

வெளியே உட்காரச் சொன்னேன் என்று கடைக்குப் போய்விடாதீர்கள். பிள்ளை அழும்போது லைன் கட்டானால், நான் உடனே கூப்பிடுவது உங்கள் நம்பரைத்தான். ஐந்தாறு வயதுப் பிள்ளை என்றால் கதையே வேறு. நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து விளையாடவேண்டும். அந்த வயதில் அரைமணி நேரம் திரையைப் பார்க்கவைப்பது என் ஒருத்தியால் ஆகாது.

ஒரே அறை உள்ள வீடு என்றால் கூச்சப்படாமல் சொல்லுங்கள். வெயில் இறங்கியபின் ஆறரை மணிக்கு மொட்டைமாடியிலிருந்து பேசும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நீங்கள் படிக்கட்டின் கீழே இருந்தால் போதும். நடுவில் யாராவது மேலே வந்தால், "தண்ணி தாகமா இருக்கு மிஸ்" என்று பிள்ளை சொல்லும். நான் உடனே பேச்சை மாற்றி, வீட்டுப்பாடம் முடிந்ததா என்று கேட்பேன்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளைகளின் கவுன்சிலர்