வாசிப்பு மாலைக்குத் துணை நின்றவர்களுக்கு நன்றி

அனைவருக்கும் வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை, மன்னார்குடி பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் ஒரு நாவலாசிரியர் தன் புத்தகத்தை எங்களுக்கு வாசித்துக் காட்டினார். வாசகர் வட்டம் சார்பில் இந்த நன்றி மடலை எழுதுகிறேன்.

முதல் நன்றி அந்த எழுத்தாளருக்கு. நான் அனுப்பிய முதல் அழைப்பில் தேதியும் "தாங்கள் வந்து சிறப்பிக்க வேண்டும்" என்பதும்தான் இருந்தன. அவர் கோபப்படாமல் போன் செய்து, "எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், கேள்வி உண்டா, புத்தகம் யார் கொண்டு வருவது?" என்று கேட்டார். அதற்குப் பிறகுதான் நாங்கள் உட்கார்ந்து யோசித்தோம்.

மாலை ஆறு மணி என்று நினைத்திருந்தோம். "நடவுக்குப் போறவங்க ரெண்டு மணிக்கெல்லாம் கரையேறிடுவோம். ஆறு மணின்னா அடுப்படியில நிப்போம், நாலுக்கு வைங்க" என்று சொன்ன அக்காவுக்கு நன்றி. சம்பா நடவு நாளில் நாற்பது பேர் வந்ததற்கு அவர்தான் காரணம்.

நூலகர் அந்த நாவலில் ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசித்து, செல்போனில் நேரம் பார்த்தார். இரண்டு நிமிடம் ஆனது. அதை வைத்துப் பத்துப் பக்கம், இருபது நிமிடம் என்று இரண்டாவது கடிதத்தில் எழுதினோம். புத்தகம் பிறந்த கதைக்குப் பத்து நிமிடம், கேள்விகளுக்கு அரை மணி, ஐந்து மணிக்குக் கையெழுத்து. ஐந்தே முக்கால் பஸ்ஸை யாரும் தவறவிடவில்லை.

கேள்வி நேரத்தில் ஒருவரே மைக்கைப் பிடித்துச் சொற்பொழிவு ஆற்றிவிடுவாரோ என்று பயம் இருந்தது. வாசலிலேயே துண்டுச் சீட்டு கொடுத்து எழுதி வாங்கலாம் என்றது நம் பள்ளித் தமிழாசிரியை. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து, பிள்ளைகளின் சீட்டுகளை முதலில் எடுத்தார். அப்புறம்தான் கூச்சப்படுகிற பெண்களின் கேள்விகளும் சபைக்கு வந்தன.

புத்தக விற்பனைக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். விற்காததைத் திருப்பி அனுப்பலாம் என்ற பேச்சில் பதிப்பகத்தார் 30 பிரதி அனுப்பினார்கள். விலை 200 ரூபாய், எங்களுக்கு 140. பத்து சதவீதம் தள்ளி 180க்குக் கொடுத்தோம். 21 விற்றது. பதிப்பகத்துக்கு 2,940 போக மிச்சம் 840, அதில் போக வர பார்சல் செலவு 240. மீதி 600 ரூபாய் அடுத்த கூட்டத்தின் மைக் வாடகைக்கு இருக்கிறது.

நூலக வேலைக்கு இடைஞ்சலில்லாமல் திண்ணையில் மேசை போட்டு உட்கார்ந்த கல்லூரித் தம்பிகள் இருவருக்கும் தனி நன்றி. வாங்கியவர் பெயரைச் சீட்டில் எழுதிப் புத்தகத்துக்குள் செருகிக் கொடுத்தார்கள். எழுத்தாளர் எந்தப் பெயரையும் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கவில்லை. மீதி ஒன்பது பிரதிகளையும் மூலை மடங்காமல் பெட்டியில் அடுக்கி, திங்கட்கிழமையே அனுப்பிவிட்டார்கள்.

அன்புடன்,
வாசகர் வட்டத்துக்காக