மேஜை விற்கும் தோழிக்கு

திருச்சி

அன்புள்ள கோமதி,

உன் கடிதமும் அதோடு நீ எழுதி வைத்திருந்த விளம்பரமும் வந்தன. அண்ணனுக்கு முட்டி வலி குறைந்து மாடிப்படி ஏறுகிறார் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லாரும் சுகம். சின்னவளுக்குத் தஞ்சாவூருக்கு மாற்றல் வந்துவிட்டது, தினமும் பஸ்ஸில் போய்வருகிறாள். ஓசூரில் மகள் வீட்டுக்குப் பக்கத்திலேயே வீடு பார்த்தது நல்ல முடிவு. ஆனால் அந்தச் சாப்பாட்டு மேஜை அங்கே நுழையாது என்று நீ எழுதியிருப்பதைப் படித்தபோது எனக்கும் மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. உன் மாமனார் 1994-ல் ஆசாரியை வீட்டோடு உட்கார வைத்துச் செய்தது அல்லவா அது.

சரி, விளம்பரத்துக்கு வருகிறேன். "தேக்கு டைனிங் டேபிள், 6 நாற்காலி, நல்ல நிலையில் உள்ளது, விலை பேசிக்கொள்ளலாம்" என்று எழுதியிருக்கிறாய். இதைப் படிக்கிறவர் எல்லாரும் போன் பண்ணிக் கேட்கப்போவது ஒரே கேள்விதான்: "கடைசி விலை என்னங்க?" நீ ஒன்று சொல்வாய், அவர் பாதி கேட்பார், இன்னும் மேஜையையே பார்த்திருக்க மாட்டார். அப்படிக் கேட்பது அவர் தப்பில்லை. விலையும் இல்லை, குறையும் இல்லை என்றால், மனசில் தோன்றுகிற குறையையெல்லாம் சேர்த்துக் கழித்துத்தான் எவரும் கேட்பார்கள்.

அதனால் என் யோசனை இதுதான். குறைகளை நீயே முதலில் எழுது. அவற்றுக்கு ஆகும் செலவை நீயே கழித்து விலை போடு. கழித்துவிட்டதையும் விளம்பரத்திலேயே சொல்லிவிடு. நேரில் வந்த பிறகு அதே குறையைக் காட்டி இன்னொரு முறை விலை குறைக்க யாருக்கும் வழி இருக்காது. மறைத்து வைத்த குறை கண்ணில் பட்டால் கதையே வேறு. போன வருஷம் நான் ஊஞ்சல் பலகை பார்க்கப் போன வீட்டில் விரிசலை எம்சீல் வைத்து அடைத்து, மேலே வார்னிஷ் பூசியிருந்தார்கள். விரிசல் பெரிதில்லை, சொல்லியிருந்தால் வாங்கியிருப்பேன். ஆனால் அதைக் கண்ட பிறகு பலகையின் மற்ற இடமெல்லாம் சந்தேகமாகிவிட்டது, திரும்பி வந்துவிட்டேன்.

இப்போது உன் மேஜையை எடுத்துக்கொள்வோம். மேல்பலகையில் இரண்டு கறை என்று எழுதியிருக்கிறாய். இரண்டும் ஒன்றில்லை, கோமதி. ஜன்னல் பக்கம் இருக்கும் வெள்ளை வட்டம் சூடான பாத்திரம் வைத்ததால் வந்தது. ஈரமும் சூடும் பாலிஷுக்குள் போய் அது வெளுத்திருக்கிறது, மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுபாலிஷ் போட்டால் போய்விடும். இரும்பு தோசைக்கல்லை ஈரத்தோடு வைத்தாயே, அந்தக் கருப்பு வட்டம் அப்படியில்லை. இரும்பும் மரத்தில் இருக்கும் துவர்ப்புச் சத்தும் சேர்ந்து உண்டான கறை அது, மரத்துக்குள்ளேயே இறங்கியிருக்கும். ஆசாரி இழைத்துத்தான் எடுக்க வேண்டும், அப்படியும் லேசாக நிழல் நிற்கலாம். ஆகவே "இரண்டு சிறு கறைகள்" என்று பொதுவாக எழுதாதே. ஒன்று பாலிஷில், ஒன்று மரத்தில் என்று பிரித்து எழுது. விவரம் தெரிந்தவர் அதைப் படித்ததுமே உன் மற்ற வார்த்தைகளையும் நம்புவார்.

நாற்காலியில் பொடிப்பொடியாக ஓட்டை இருக்கிறது என்று சொன்னதுதான் நான் அதிகம் யோசித்த விஷயம். பின்காலின் வெளிறிய ஓரத்தில் மட்டும் இருக்கிறது என்கிறாய். தேக்கின் வைரத்தைப் பூச்சி அவ்வளவு சுலபமாகத் தொடாது. ஓரத்து வெள்ளைக் கட்டையைத்தான் துளைக்கும். உயிரோடு இருக்கிறதா, பழைய ஓட்டையா என்பதுதான் தெரிய வேண்டும். அந்த நாற்காலியைத் தட்டித் துடைத்து, காலடியில் கறுப்புக் காகிதம் விரித்து ஒரு வாரம் அசைக்காமல் விடு. மாவு மாதிரி மெல்லிய தூள் விழுந்திருந்தால் பூச்சி உள்ளே இருக்கிறது. அந்த நாற்காலியை விற்பனையில் சேர்க்காதே, ஐந்து நாற்காலி என்றே போடு. இன்னொருவர் வீட்டு மரத்துக்கும் அது பரவும். தூள் விழவில்லை, ஓட்டையின் உட்புறமும் கருத்துப் பழசாகத் தெரிகிறது என்றால் அநேகமாகப் பழைய ஓட்டைதான். அப்போதும் "ஒரு வாரம் வைத்துப் பார்த்தோம், தூள் இல்லை" என்று பார்த்ததை மட்டும் எழுது. "பூச்சி கிடையாது" என்று உறுதி கொடுக்காதே.

இன்னொன்று, "பர்மா தேக்கு" என்று போடச் சொல்லி உன் மருமகன் சொன்னதாக எழுதியிருந்தாய். வேண்டாம். ரசீது இல்லை, எந்த ஊர் மரம் என்று உனக்கும் தெரியாது. அதற்குப் பதிலாக மேஜையின் அடிப்பக்கத்தைப் படம் எடுத்துப் போடு. பாலிஷ் படாத அடிமரமும் பலகையின் வெட்டுமுனையில் தெரியும் ரேகையும் இது முழுப் பலகை, மேலே ஒட்டிய தகடு இல்லை என்பதைக் காட்டிவிடும். பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் எடு. கருப்புக் கறைக்குப் பக்கத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயம் வைத்து எடுத்தால் அளவும் புரியும்.

விலைக்கு வருவோம். உன் பகுதியில் இதே மாதிரி தேக்கு மேஜைகளுக்கு 28,000 வரை போட்டிருக்கிறார்கள் என்று பார்த்து எழுதியிருக்கிறாய். அது கேட்கிற விலை, விற்ற விலை இல்லை என்பதை ஞாபகம் வைத்துக்கொள். மாசக்கணக்கில் அப்படியே கிடக்கும் விளம்பரங்களைக் கணக்கில் சேர்க்காதே. சீக்கிரம் காணாமல் போகிறவைதான் உனக்கு வழிகாட்டி. 28,000-ஐயே எடுத்துக்கொண்டாலும், பிரம்பு தொய்ந்த இரண்டு நாற்காலிக்குப் பின்னுகிறவர் கேட்டது 2,000, மேல்பலகையை இழைத்து பாலிஷ் போட ஆசாரி சொன்னது 4,000. கழித்தால் 22,000. உனக்கு 20,000 கையில் வந்தால் போதும் என்கிறாய். அப்படியானால் 22,000 போடு. இரண்டாயிரம் இடைவெளி நியாயமாகப் பேரம் பேசுகிறவருக்குப் போதும். 30,000 போட்டுவிட்டுப் பத்தாயிரம் குறைத்தால் வாங்குகிறவருக்குத் திருப்தி வராது, இன்னும் குறைத்திருக்கலாமோ என்றுதான் தோன்றும். "ஒரே விலை" என்று போட்டாலோ நல்ல மனுஷர்கள் கேட்கக் கூச்சப்பட்டு விலகிப்போவார்கள்.

எடுத்துப்போகும் விவரத்தை நீ ஒரு வரிகூட எழுதவில்லை. விலை படிந்த பிறகும் வியாபாரம் முறிவது பெரும்பாலும் இங்கேதான். உங்கள் வீடு இரண்டாம் மாடி, லிஃப்ட் கிடையாது, படி திரும்பும் இடம் குறுகல். மேஜைக் கால்கள் போல்ட் போட்டவை, கழற்றலாம் என்று சொன்னாய். இத்தனை வருஷம் கழற்றாத போல்ட் துருப்பிடித்திருக்கும். இப்போதே கொஞ்சம் எண்ணெய் விட்டு ஒரு தரம் கழற்றி மாட்டிப் பார்த்துவிடு. வண்டி வாசலில் நிற்க, ஸ்பேனரோடு மல்லுக்கட்டும் நிலை வரக்கூடாது. கால்களைக் கழற்றினால் பலகையைச் செங்குத்தாக நிறுத்தி இரண்டு பேர் இறக்கிவிடலாம். ஐந்தடிப் பலகை குட்டியானையில் தாராளமாக நிற்கும்.

எல்லாவற்றையும் சேர்த்து நான் எழுதிப் பார்த்தது கீழே. அளவை மட்டும் டேப் வைத்துச் சரிபார்த்துக்கொள்.

"தேக்கு டைனிங் டேபிள், 6 நாற்காலிகள். விலை ரூ.22,000. சாய்பாபா காலனி, கோவை.

1994-ல் வீட்டிலேயே ஆசாரி வைத்துச் செய்தது. மேஜை 5 அடி நீளம், 3 அடி அகலம், 2½ அடி உயரம். முழுப் பலகை. ஆட்டம் இல்லை.

குறைகள்: மேல்பலகையில் ஒரு வெள்ளை வட்டம் (பாலிஷில் மட்டும்), ஒரு கருப்பு வட்டம் (மரத்தில் இறங்கியது, இழைக்க வேண்டும்). இரண்டு நாற்காலிகளில் பிரம்பு தொய்ந்துள்ளது. ஒரு நாற்காலியின் பின்காலில் பழைய பூச்சி ஓட்டைகள். ஒரு வாரம் கவனித்ததில் தூள் இல்லை. எல்லாவற்றுக்கும் படம் உண்டு.

பாலிஷ், பிரம்புச் செலவைக் கழித்துப் போட்ட விலை இது. நேரில் பார்த்துவிட்டு நியாயமாகக் கேளுங்கள், பேசிக்கொள்ளலாம். போனில் விலை பேசுவதில்லை.

இரண்டாம் மாடி, லிஃப்ட் இல்லை. கால்கள் கழற்றலாம், ஸ்பேனர் எங்களிடம் உள்ளது. இறக்க இரண்டு பேரும் வண்டியும் நீங்கள் கொண்டு வர வேண்டும். பார்க்க மாலை 4 முதல் 7 வரை. எடுத்துச் செல்ல ஞாயிறு தவிர மற்ற நாட்களில் காலை 10 முதல் மாலை 5 வரை. மாதக் கடைசிக்குள் எடுக்க வேண்டும்."

பூச்சி ஓட்டை பற்றிய வரியைக் காகிதச் சோதனை முடிந்த பிறகே சேர். கதவு எண்ணைப் போடாதே, பார்க்க வருகிறேன் என்று நேரம் சொன்னவருக்கு மட்டும் கொடு. பிடித்துப்போய் இரண்டு நாளில் எடுக்கிறேன் என்றால் 1,000 ரூபாய் முன்பணம் வாங்கி, எந்தத் தேதி வரை வைத்திருப்பாய் என்று எழுதியே அனுப்பிவிடு. அதற்குள் வேறு யாராவது 500 கூடக் கொடுக்கிறேன் என்றாலும் முதலில் வந்தவருக்குத்தான்.

அப்புறம், அண்ணனிடம் இதை அவசியம் சொல். ராணுவத்தில் இருக்கிறேன், பார்க்காமலே வாங்கிக்கொள்கிறேன், முழுப் பணமும் அனுப்புகிறேன், இந்தக் கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்கள் என்று யாராவது கூப்பிட்டால் உடனே வைத்துவிட வேண்டும். பணம் வாங்குவதற்கு ஸ்கேனும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம். பின் நம்பரைப் போட்டால் நம் கணக்கிலிருந்துதான் பணம் போகும்.

மர பீரோவையும் விற்பதாக இருந்தால் பூட்டு வேலை செய்கிறதா, சாவி எத்தனை இருக்கிறது, கதவைச் சாத்தினால் கீழே தட்டுகிறதா என்று பார்த்து எழுது. அதற்கும் எழுதித் தருகிறேன். காகிதத்தில் தூள் விழுந்ததா என்று அடுத்த வாரம் போன் பண்ணிச் சொல்.

அன்புடன்,
சரசு