39 லட்சம் கிடைக்கும் என்றாயே, அதைப் பற்றி

கண்ணு,

நீங்கள் மூவரும் நலம்தானே? இங்கே இரண்டு நாளாக ஏற்காடு மலை மேகத்துக்குள்ளேயே கிடக்கிறது. அப்பாவுக்கு முட்டி வலி பரவாயில்லை.

நேற்று போனில், கன்னங்குறிச்சி வீட்டை வாங்க வங்கியில் 39 லட்சம் கடன் தருகிறார்கள், அவர்களே கணக்குப் போட்டுத்தான் சொன்னார்கள் என்றாய். நானும் 22 வருஷம் கூட்டுறவு வங்கியின் கடன் பிரிவில் உட்கார்ந்து அதே கணக்கைப் போட்டவள். போனில் சொன்னால் பாதியில் சிக்னல் போய்விடும் என்றுதான் எழுதுகிறேன்.

அவர்கள் போட்டது இதுதான். உன் கைக்கு வரும் சம்பளம் 85,000. அதில் பாதி வரை மாதத் தவணைகளுக்குப் போகலாம் என்று வைத்துக்கொள்கிறார்கள். பாதி என்றால் 42,500. கார் கடனுக்கு நீ கட்டும் 8,500-ஐக் கழித்தால் 34,000 மிச்சம். எட்டரை சதவீத வட்டி, 20 வருஷம் என்றால் லட்சத்துக்கு மாதம் 868 ரூபாய். 34,000-ஐ 868-ஆல் வகுத்தால் 39 லட்சம் வந்துவிடுகிறது. இதைத்தான் வங்கியில் எஃப்.ஓ.ஐ.ஆர் என்பார்கள். மாதா மாதம் தப்பாமல் கட்டியே தீர வேண்டிய தொகை, வருமானத்தில் எத்தனை பங்கு என்ற கணக்கு. வங்கிக்கு வங்கி, சம்பளத்துக்குச் சம்பளம் அந்த வரம்பு கொஞ்சம் மாறும். கணக்கில் தப்பில்லை. ஆனால் தவணை தவறாமல் வருமா என்று பார்க்கத்தான் அவர்கள் அதைப் போடுகிறார்கள். மாசக் கடைசியில் உன் வீட்டில் என்ன மிஞ்சும் என்பது அதில் இல்லை.

முதலில் வருமானத்தைப் பார். 85,000-இல் இன்சென்டிவ் 10,000 இருக்கிறது, இல்லையா? போன வருஷம் நான்கு மாதம் அது வரவில்லை என்று நீதான் சொன்னாய். எங்கள் வங்கிக்குக் கொலுசுப் பட்டறைக்காரர் ஒருவர் வந்தார். தீபாவளிக்கு முந்தைய மூன்று மாத வரவை வைத்துக் கணக்குப் போட்டோம், 45 சதவீதம்தான் வந்தது. கடன் கொடுத்தோம். ஆர்டர் இல்லாத மாதங்களில் தவணைக்காக அவர் சீட்டை அதிகத் தள்ளுக்கு எடுத்தார். பிறகு அந்தச் சீட்டுப் பணத்தையும் கட்ட வேண்டி வந்தது. அந்தக் கணக்கைப் போட்டவர்களில் நானும் ஒருத்தி என்பது இன்றும் மனசில் உறுத்துகிறது. அதனால் உனக்கு 75,000 என்றே வைக்கிறேன். மருமகள் திரும்ப வேலைக்குப் போகும்போது அந்தச் சம்பளத்தைச் சேர்த்துக்கொள்ளலாம், இப்போது வேண்டாம்.

அடுத்தது, வங்கி பார்க்காத கட்டாயச் செலவுகள். நீ ஏற்கெனவே எடுத்துவிட்ட சீட்டுக்கு மாதம் 5,000 கட்டுகிறாய். எடுத்த சீட்டு என்றால் அதுவும் கடன்தான், கண்ணு. குட்டியின் பள்ளிக் கட்டணம் வருஷத்துக்கு 60,000, மாதத்துக்கு 5,000. இன்சூரன்ஸ் பிரீமியம் 24,000, மாதத்துக்கு 2,000. வருஷத்துக்கு ஒருமுறை வரும் செலவைப் பன்னிரண்டால் வகுத்து எழுதாவிட்டால் ஜூன் மாதம் உன்னைக் கவிழ்த்துவிடும். எல்லாவற்றையும் விடப் பெரியது பெங்களூர் வாடகை, 14,000. வீடு சேலத்தில், வேலை அங்கே. வீடு வாங்கினாலும் வாடகை நிற்காது. இதை நீ யோசித்த மாதிரியே தெரியவில்லை.

கார், சீட்டு, பள்ளி, பிரீமியம், வாடகை எல்லாம் சேர்த்தால் 34,500. புதுக் கடன் வாங்கும் முன்பே இது 75,000-இல் 46 சதவீதம். இதோடு 39 லட்சத்தின் தவணை 33,852-ஐச் சேர்த்தால் 68,352. அதாவது 91 சதவீதம். மிஞ்சுகிற 6,648-இல் மூன்று பேர் சாப்பிட வேண்டும்.

வாடகையையும் பள்ளிக் கட்டணத்தையும் உள்ளே சேர்த்துவிட்டதால் பாதி என்ற வரம்பு இங்கே பொருந்தாது. உன் வரம்பை உன் வீட்டுச் செலவை வைத்தே கண்டுபிடிக்கலாம். மளிகை, பால், கேஸ், கரண்ட், பெட்ரோல், மருந்து, ஊருக்கு வந்துபோவது எல்லாம் 22,000 ஆகிறது என்று மருமகள் சொன்னாள். திடீர்ச் செலவுக்கு 5,000 ஒதுக்கு. 75,000-இல் இந்த 27,000 போனால் 48,000. அதாவது 64 சதவீதம். கட்டாயச் செலவு அதைத் தாண்டக் கூடாது. 48,000-இல் ஏற்கெனவே 34,500 போய்விடுவதால் புதுத் தவணைக்கு இடம் 13,500-தான்.

அந்த 13,500-ஐயும் 868-ஆல் வகுக்காதே. உனக்குத் தருவது மாறும் வட்டி. ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டியான ரெப்போ விகிதம் ஏறினால் உன் வட்டியும் ஏறும். 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் அது 4-இலிருந்து 6.5 சதவீதத்துக்கு ஏறியது. அதற்குக் கொஞ்சம் முன்னால் 7 சதவீதத்துக்கு 20 வருஷக் கடன் வாங்கியவருக்கு லட்சத்துக்குத் தவணை 775. வட்டி ஒன்பதரை ஆனபோது வட்டி மட்டுமே லட்சத்துக்கு 792. பழைய தவணை வட்டிக்கே பற்றவில்லை. அந்த நிலையில் வருஷத்தை மட்டும் நீட்டிச் சமாளிக்க முடியாது, தவணையையும் ஏற்றத்தான் வேண்டும். அதனால் இரண்டு சதவீதம் கூட்டி, பத்தரைக்குப் போட்டுப் பார். லட்சத்துக்கு 998. 13,500-க்கு பதிமூன்றரை லட்சம்தான் வருகிறது.

30 வருஷமாக்கினால் இன்னும் அதிகம் கிடைக்கும் என்று அவர்கள் சொல்லக்கூடும். அவர்கள் சொல்லும் எட்டரை சதவீதத்தில் லட்சத்துக்கு 868 என்பது 769 ஆகிவிடும், விகிதமும் அழகாக இறங்கும். ஆனால் ஒரு லட்சத்துக்கு மொத்தமாக நீ கட்டுவது 2,08,000-இலிருந்து 2,77,000 ஆகிறது. அப்போது உனக்கு 64 வயசு. சம்பளம் ஏது?

பதிமூன்றரை லட்சம் என்றதும் உன் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒன்றைக் கவனி. சீட்டு இன்னும் 11 மாதத்தில் முடிகிறது. கார் கடன் 14 மாதத்தில். அந்த இரண்டும் 13,500. அவை முடிந்தால் இடம் 27,000 ஆகிவிடும். பத்தரை சதவீதத்துக்கே 27 லட்சம் வாங்கலாம். வெறும் 14 மாதம் பொறுத்தால் இரண்டு மடங்கு.

அதுவரை தவணை கட்டுகிற மாதிரியே 13,500-ஐ மாதம் பிறந்ததும் தனிக் கணக்கில் போடு. எந்த மாதம் அதிலிருந்து திரும்ப எடுக்கிறாயோ, அந்த மாதம் நான் போட்ட 22,000 தப்பு என்று தெரிந்துவிடும். எடுக்காமல் இருந்தால் 1,89,000 சேரும். கையில் இருக்கும் 11 லட்சத்தோடு அதுவும் கடனும் சேர்ந்தால் கிட்டத்தட்ட 40 லட்சம். பத்திரச் செலவு போக 36 லட்சத்துக்குள் வீடு பார்க்கலாம். கன்னங்குறிச்சி வீடு 50 லட்சம், அது நமக்கு வேண்டாம் கண்ணு. அதே பக்கம் இன்னும் உள்ளே தள்ளி அப்பா விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை வரும்போது ஆறு மாத வங்கி ஸ்டேட்மென்ட்டும் சீட்டுப் பாஸ்புக்கும் எடுத்து வா. அதுவரை அந்த வீட்டுக்காரருக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடாதே.

அன்புடன்,
அம்மா